சென்னையின் சிரிப்பும் மாத்தளையின் ஆட்சியும்

மாத்தளை மாவட்டத்தின் 11 பிரதேச செயலகப் பிரிவுகளில் யட்டவத்தயும் ஒன்று. சிங்களம் பேசும் ஊர்களே பெரும்பான்மை. இடையிடையே முஸ்லிம் குடியிருப்புகளும் தோட்டத் தமிழர் குடும்பங்களும் உண்டு. இப்பகுதித் தமிழ் வீடொன்றில் இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு கைபேசியில் ஓடும் அரசியல் நையாண்டி பெரும்பாலும் சென்னையில் எடுத்ததாகவே இருக்கும். கோபியும் சுதாகரும் செய்யும் ‘பரிதாபங்கள்’, விகடனின் ‘இம்பர்ஃபெக்ட் ஷோ’ போன்றவை. பார்க்கிறவருக்குத் தமிழக அமைச்சர் ஒருவரின் பேச்சுத் தோரணை அத்துப்படி. தம்முடைய பிரதேச சபைத் தவிசாளரின் பெயரைக் கேட்டால் கொஞ்சம் யோசிப்பார்.

இதைக் குற்றமாகச் சொல்ல வரவில்லை. நல்ல நையாண்டி எங்கிருந்து வந்தாலும் சிரிக்கலாம். ஆனால் நையாண்டிச் செய்தி நிகழ்ச்சிகள் பார்ப்பவரின் நம்பிக்கையை என்ன செய்கின்றன என்று கடந்த 20 ஆண்டுகளாக நடந்த ஆய்வுகளைப் படித்தால் ஒன்று புலப்படும். சிரிப்பின் விளைவு சிரிப்பைவிட அதற்குப் பக்கத்தில் வேறு என்ன இருக்கிறது என்பதையே அதிகம் பொறுத்திருக்கிறது. அந்த ‘பக்கத்தில் இருப்பது’ மலையகத் தமிழ்ப் பார்வையாளருக்கு மிக மெலிந்துபோயிருக்கிறது. இக்கட்டுரை அதைப் பற்றியது.

குற்றச்சாட்டு எங்கே தொடங்கியது என்று முதலில் பார்ப்போம். ஜோன் ஸ்டூவர்ட் 1999 முதல் 2015 வரை அமெரிக்காவில் ‘த டெய்லி ஷோ’வை நடத்தினார். செய்தி வாசிப்பவரின் மேசை, கோட்டு, கழுத்துப்பட்டி எல்லாம் இருக்கும்; வாசிப்பது மட்டும் கேலி. 2004 ஜனாதிபதித் தேர்தலில் புஷ்ஷும் கெரியும் மோதிய வேளையில், ஜோடி பாம்கார்ட்னர், ஜொனதன் மொரிஸ் என்ற இரண்டு அரசியல் அறிவியலாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். பல்கலைக்கழக மாணவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினருக்கு டெய்லி ஷோவின் தேர்தல் துண்டுகளையும், இன்னொரு பகுதியினருக்கு சிபிஎஸ் மாலைச் செய்தியின் தேர்தல் துண்டுகளையும் காட்டினார்கள். மூன்றாவது பகுதியினருக்கு எதுவும் காட்டவில்லை. பிறகு எல்லாருக்கும் ஒரே வினாத்தாள். கட்டுரை 2006இல் வெளிவந்தது.

டெய்லி ஷோ பார்த்தவர்கள் புஷ், கெரி இருவரையுமே குறைவாக மதிப்பிட்டார்கள். தேர்தல் முறையையும் செய்தி ஊடகங்களையும் பற்றி அவர்களுடைய அவநம்பிக்கை கூடியிருந்தது. பத்திரிகைகள் இதைப் பிடித்துக்கொண்டன; ஸ்டூவர்ட் ஜனநாயகத்தின் எதிரியா என்ற தலைப்பு வரைக்கும் போனது. ஆனால் அதே கட்டுரையின் மூன்றாவது முடிவை அப்படி யாரும் தலைப்பாக்கவில்லை. டெய்லி ஷோ பார்த்தவர்களிடம், அரசியல் எவ்வளவு சிக்கலானாலும் என்னால் விளங்கிக்கொள்ள முடியும் என்ற துணிவும் கூடியிருந்தது. மேலே இருப்பவர்கள்மேல் நம்பிக்கை இறங்கும்போதே தன்மேல் நம்பிக்கை ஏறுகிறது. இரண்டும் ஒரே ஆளுக்குள், ஒரே சமயத்தில்.

நம்பிக்கை என்று ஒரே பெயரால் அழைப்பது உண்மையில் பல தனித்தனி அளவுகள் என்பது இங்கேதான் தெளிவாகிறது. குறிப்பிட்ட அரசியல்வாதியை நம்புவது ஒன்று. நாடாளுமன்றம், தேர்தல், நீதிமன்றம் போன்ற அமைப்புகளை நம்புவது வேறு. செய்தியை நம்புவது இன்னொன்று. நான் பேசினால் எடுபடும், நான் விளங்கிக்கொண்டால் போதும் என்று தன்னை நம்புவது நான்காவது. ‘நையாண்டி நம்பிக்கையைக் குறைக்கிறதா’ என்று பொதுவாகக் கேட்டால் பதில் கிடைக்காது. ஓர் அரசியல்வாதி அவநம்பிக்கைக்கு உரியவராக இருக்கும்போது அவர்மேல் நம்பிக்கை குறைவது பார்ப்பவரின் புத்திக்கூர்மையைத்தான் காட்டுகிறது. எல்லாரும் ஒன்றுதான், வாக்குப் போட்டு என்ன பயன் என்று அதே ஆள் சொல்லத் தொடங்கினால்தான் நாம் கவலைப்பட வேண்டும்.

பாம்கார்ட்னர்–மொரிஸ் சோதனைக்கு வரம்புகள் உண்டு. பார்த்தவர்கள் மாணவர்கள்; கேள்வி கேட்டது காணொளி முடிந்த கையோடு. சூடு ஆறியபின் அந்த அவநம்பிக்கை எவ்வளவு மிஞ்சியது என்று அந்தச் சோதனை காட்டாது. சோதனைக்கூடத்தில் பார்க்கச் சொன்னதைப் பார்ப்பவரும், வீட்டில் தானே தேடிப் பார்ப்பவரும் ஒருவரல்லர் என்பதும் உண்டு. டானகல் யங் முதலானோர் 2006இல் காட்டியபடி, இரவு நேர நகைச்சுவை நிகழ்ச்சிகளைப் பார்க்கும் இளைஞர்கள் செய்தியைக் கைவிட்டு அங்கே போனவர்கள் அல்லர். செய்தியையும் அவர்கள் பார்க்கிறார்கள். சொல்லப்போனால், நடப்பு தெரியாதவருக்கு நையாண்டி விளங்கவே விளங்காது.

அளவிடுவதில் நேரும் பிழை ஒன்றையும் சொல்லிவிட வேண்டும். 2009 ஜூலையில், அமெரிக்காவின் மூத்த செய்தியாளர் வோல்டர் குரோங்கைட் இறந்த பிறகு, ‘டைம்’ இதழ் தன் இணையதளத்தில் யாரை அதிகம் நம்புகிறீர்கள் என்று கேட்டது. 44 வீதத்தினர் ஸ்டூவர்ட்டைத் தேர்ந்தார்கள். உண்மையான செய்தி வாசிப்பாளர்கள் எல்லாம் அவருக்குப் பின்னால். இதை நம்பிக்கையின் சான்றாக இன்றும் எடுத்துக்காட்டுவோர் இருக்கிறார்கள். இணையத்தில் வந்து தாங்களே வாக்கிட்டவர்களின் எண்ணிக்கை அது. ரசிகர்கள் கூடுதலாக வந்தால் எண் ஏறும், அவ்வளவே. யூடியூப் பார்வை எண்ணிக்கையைக் காட்டி ‘மக்கள் இவர்களைத்தான் நம்புகிறார்கள்’ என்று நம் பக்கம் சொல்வதும் இதே தவறுதான்.

அடுத்து வருவது வேடிக்கையான ஆய்வு. ஸ்டீவன் கோல்பேர் என்ற நடிகர் தன் நிகழ்ச்சியில் வலதுசாரித் தொலைக்காட்சி விமர்சகர் ஒருவரின் வேடம் போட்டு, அந்தக் கருத்துகளையே ஊதிப் பெருக்கிப் பேசுவார். ஹெதர் லமார் குழுவினர் 2009இல் வெளியிட்ட ஆய்வில், இடதுசாரிகளும் வலதுசாரிகளும் அவரை ஒரே அளவு வேடிக்கையாகக் கண்டார்கள். ஆனால் வலதுசாரிப் பார்வையாளர்களில் அதிகமானோர், கோல்பேர் வேடிக்கை செய்வதுபோல நடிக்கிறார், உள்ளுக்குள் உண்மையாகவே இதைத்தான் நினைக்கிறார் என்று எடுத்துக்கொண்டார்கள். தன் கட்சியைக் கிண்டல் செய்பவரைத் தன் கட்சிக்காரராகவே கண்டார்கள்.

வேடம் போட்டுச் செய்யும் நையாண்டியில் இந்த ஆபத்து எப்போதும் இருக்கிறது. ‘பரிதாபங்கள்’ பாணியும் வேடம்தான்: தலைவரின் குரல், தொண்டனின் கெஞ்சல், செய்தியாளரின் பரபரப்பு எல்லாவற்றையும் இரண்டே பேர் மாறி மாறிச் செய்வார்கள். அதே காணொளியை ஒரு கட்சிக்காரர் எதிர்க்கட்சித் தலைவரின் தலையில் விழுந்த அடியாகவும், மற்றவர் ‘அவர்கள்கூட நம் தலைவரை மறக்கவில்லை பாருங்கள்’ என்ற பெருமையாகவும் பகிர்வதை நான் கண்டிருக்கிறேன். ஆக, நையாண்டி நம்பிக்கையைக் குறைக்கிறது, கூட்டுகிறது என்று ஒரேயடியாகச் சொல்லிவிட முடியாது. ஏற்கெனவே உள்ள சாய்வை அது பெரும்பாலும் கெட்டியாக்குகிறது.

இன்னொரு நுட்பத்தை ரொபின் நாபி குழுவினர் 2007இல் கவனித்தார்கள். அரசியல் செய்தி நகைச்சுவையாக வந்தால், இது வெறும் பகடி என்று மனம் அதை ஒதுக்கி வைக்கிறது, எதிர்வாதம் தேடுவதில்லை. அதனால் அப்போதைக்குக் கருத்து மாறுவதில்லை. நாட்கள் கழித்துப் பார்த்தால், சொன்னது பகடி என்ற நினைவு தேய்ந்து, சொன்ன விஷயம் தங்கிவிடுகிறது. கருத்து மெல்ல அதன் பக்கம் நகர்ந்திருக்கிறது. காணொளி முடிந்ததும் வினாத்தாள் நீட்டும் ஆய்வுகள் இதைத் தவறவிடும். ‘சும்மா சிரிக்கத்தான் பார்க்கிறேன்’ என்று நாம் சொல்வதை நாமே முழுதாக நம்பிவிடக் கூடாது.

இவற்றையெல்லாம்விட எனக்கு முக்கியமாகத் தெரிவது இஸ்ரேலில் மெய்த்தல் பல்மாஸ் செய்த ஆய்வு. 2006 தேர்தல் காலத்துத் தரவை வைத்து எழுதி 2014இல் வெளியிட்டார். அரசியல் நையாண்டி பார்ப்பவர்களிடம் அவர் இரண்டு கேள்விகளைச் சேர்த்துக் கேட்டார். வழக்கமான செய்தி எவ்வளவு பார்க்கிறீர்கள்? நையாண்டியில் காட்டுவது எவ்வளவு தூரம் உண்மை என்று நினைக்கிறீர்கள்? வழக்கமான செய்தியை அதிகம் பார்ப்பவர்கள் நையாண்டியை நையாண்டியாகவே எடுத்துக்கொண்டார்கள். செய்தி குறைவாகப் பார்ப்பவர்களுக்கு நையாண்டியே உண்மைபோலத் தோன்றியது. அப்படித் தோன்றியவர்களிடம்தான் எனக்கு அரசியலில் ஒன்றும் செய்ய முடியாது, அரசியல்வாதிகள் என்னிடமிருந்து எங்கோ இருக்கிறார்கள், எல்லாம் சுயநலம் என்ற மூன்று உணர்வுகளும் வலுப்பட்டன.

நையாண்டி உப்பைப்போல; சோறு இருந்தால்தான் அதற்கு அளவு தெரியும். கேலிச்சித்திரக்காரர் மூக்கை நீட்டி வரையும்போது, உண்மையான மூக்கின் நீளம் நமக்குத் தெரிந்திருக்க வேண்டும். எவ்வளவு நீட்டியிருக்கிறார் என்று கணக்கிட்டுச் சிரிக்கிறோம். உண்மை மூக்கைப் பார்த்திராதவருக்கு நீட்டிய மூக்கே மூக்கு.

இனி யட்டவத்தைக்குத் திரும்பலாம். இங்கே பல்மாஸின் நிலைமை இரட்டித்து நிற்கிறது. சென்னை நிகழ்ச்சிகள் கேலி செய்யும் அமைச்சரின் துறை, வரவுசெலவுத் திட்டம், அவர் மீதான வழக்கு ஆகியவை பற்றி நம் வீட்டில் வேறு செய்தி இல்லை. நமக்குத் தமிழக அரசியல் முழுக்க நையாண்டி வழியாகவே வருகிறது. அதே வீட்டில் தம் பிரதேச சபை, மாவட்டச் செயலகம், பெருந்தோட்டத் துறை அமைச்சு பற்றித் தமிழில் வரும் விரிவான செய்தி குறைவு. நையாண்டியோ அதைவிடக் குறைவு. ஓர் ஆட்சியைப் பற்றிச் சிரிப்பு மட்டும், இன்னோர் ஆட்சியைப் பற்றிச் சிரிப்பும் இல்லை, செய்தியும் இல்லை. முதலாவதில் வளர்ந்த ‘எல்லாரும் திருடர்கள்’ என்ற உணர்வு இரண்டாவதன் மேலும் அப்படியே போய் ஒட்டிக்கொள்வது எளிது. மலையகத்தில் அரசியல் பேச்சைக் கவனிக்கும் எவருக்கும் இந்த ஒட்டல் தெரியும். தமிழகக் கட்சித் தாவலைப் பற்றிய கேலியிலேயே நம் ஊர் தொழிற்சங்கத் தலைவரைப் பற்றிய தீர்ப்பும் முடிந்துவிடுகிறது. அவர் எந்த வாக்கெடுப்பில் எந்தப் பக்கம் நின்றார் என்ற கேள்வி எழுவதே இல்லை.

தமிழில் உள்நாட்டு நையாண்டி எப்போதும் இப்படி மெலிந்திருக்கவில்லை. அறுபதுகளில் சி. சிவஞானசுந்தரம் தொடங்கிய ‘சிரித்திரன்’ இதழ் ‘சவாரித்தம்பர்’, ‘மெயில்வாகனத்தார்’ போன்ற பாத்திரங்களின் வாயால் ஈழத்துத் தமிழரின் அரசியலையும் ஆசைகளையும் கிண்டல் செய்தது. அதன் வாசகர் அதே வாரம் தமிழ்த் தினசரியும் படித்தார். மூக்கின் நீளம் அவருக்குத் தெரியும்.

நையாண்டிதான் நம்பிக்கையைத் தின்கிறது என்று வாதிடுவோருக்கு இலங்கையே ஒரு மறுப்பை வைத்திருக்கிறது. 2022 போராட்டக் காலத்தில் பசில் ராஜபக்ஷவைக் காகமாக்கிய கோஷம் காலிமுகத்திடலிலிருந்து ஊரூராகப் பரவியது. ஆனால் எரிவாயு வரிசையும் எரிபொருள் வரிசையும் அதற்கு முன்னாலேயே நீண்டுவிட்டன. மக்கள் சிரித்ததால் நம்பிக்கை போகவில்லை. நம்பிக்கை போனபின் சிரித்தார்கள். வெரிட்டே ரிசேர்ச் நிறுவனத்தின் கருத்துக்கணிப்பில் அரசாங்கத்தின் செயற்பாட்டை ஏற்றவர்கள் 2024 பெப்ரவரியில் 7 வீதம். ஆட்சி மாறிய பிறகு 2025 பெப்ரவரியில் 62 வீதம். இந்த ஓராண்டில் கைபேசிகளில் கேலி நின்றுவிடவில்லை. இந்த இரண்டு எண்களை வைத்து நையாண்டிக்கு விளைவே இல்லை என்று நிறுவ முடியாது. ஆனால் நம்பிக்கையை இவ்வளவு தூரம் ஏற்றி இறக்கும் விசை நையாண்டியைவிட மிகப் பெரியது என்று சொல்லலாம். ஆய்வுகள் நையாண்டிக்குக் கண்டிருக்கும் விளைவுகள் பெரும்பாலும் சிறியவை.

எதிர்ப்பக்கக் கணக்கு ஒன்று விடுபடுகிறது. நையாண்டி செய்பவரை அடக்குவது நம்பிக்கையை என்ன செய்கிறது? 2023 ஏப்ரலில் கொழும்பு மேடையொன்றில் செய்த நகைச்சுவை நிகழ்ச்சிக்காக நத்தாஷா எதிரிசூரிய மே மாத இறுதியில் கட்டுநாயக்க விமான நிலையத்தில் கைதானார். நாட்டின் அரசியலைவிட மதத்தைத் தொட்ட நகைச்சுவைதான் அது. 2007ஆம் ஆண்டின் 56ஆம் இலக்க ஐசிசிபிஆர் சட்டம் அவர் மேல் பாய்ந்தது. மக்களின் உரிமைகளைக் காக்க வந்த சர்வதேச உடன்படிக்கையின் பெயரால் இயற்றப்பட்ட சட்டம் அது என்பதைச் சொல்லாமல் விட முடியவில்லை. ஒரு மாதத்துக்கு மேல் விளக்கமறியலில் இருந்து, ஜூலை 5 அன்று கொழும்பு மேல் நீதிமன்றம் பிணை கொடுத்த பிறகே வெளியே வந்தார்.

தமிழகத்திலும் நிலைமை பெரிதாக வேறில்லை. 2024 செப்டெம்பரில் திருப்பதி லட்டு பற்றிய காணொளியை எதிர்ப்பு வந்ததும் ‘பரிதாபங்கள்’ குழு நீக்கிக்கொண்டது. 2025 பெப்ரவரியில் இந்தியப் பிரதமர் கைவிலங்குடன் டிரம்ப் அருகே அமர்ந்திருப்பதாக விகடன் வெளியிட்ட கேலிச்சித்திரத்தைத் தொடர்ந்து, அதன் இணையதளமே முடக்கப்பட்டது. மார்ச் 6இல் சென்னை உயர் நீதிமன்றம் தளத்தைத் திறக்கச் சொன்னது. ஆனால் அந்தச் சித்திரத்தை நீக்க வேண்டும் என்ற நிபந்தனையோடு. இத்தகைய செய்திகளைப் பார்த்தபின் நீதியமைப்பின் மேலும் ஊடகத்தின் மேலும் ஒருவரின் நம்பிக்கை எப்படி மாறுகிறது என்று அளக்கும் ஆய்வும், நையாண்டியின் விளைவை அளக்கும் ஆய்வும் ஒரே வினாத்தாளில் இருக்க வேண்டும். இல்லாவிட்டால் அவநம்பிக்கைக்கான பழி முழுவதும் நகைச்சுவைக்காரர் தலையில் விழும்.

அப்படியொரு ஆய்வை மாத்தளை மாவட்டத்தில் செய்வது கடினமல்ல. பேராதனைப் பல்கலைக்கழகம் பக்கத்தில்தான் இருக்கிறது. யட்டவத்த, உக்குவெல, ரத்தோட்டைப் பகுதிகளில் தமிழ் பேசும் 18 வயதுக்கு மேற்பட்டோரைச் சீட்டுக் குலுக்கி நான்கு குழுக்களாகப் பிரிக்கலாம். முதல் குழுவுக்குத் தமிழக நையாண்டி மட்டும். இரண்டாவதற்கு அதே நையாண்டியோடு அந்த விஷயத்தைப் பற்றிய வழக்கமான செய்தியும். மூன்றாவதற்கு இலங்கை அரசியல் பற்றிய நையாண்டி. தேவையானால் மாணவர்களே எழுதி நடிக்கலாம். நான்காவதற்கு அரசியலே இல்லாத ஏதாவது. கேள்விகளைப் பார்ப்பதற்கு முன்னும், பார்த்த உடனும், இரண்டு வாரம் கழித்தும் கேட்க வேண்டும். அந்த மூன்றாவது சுற்றை விட்டால் நாபி கண்ட தாமத விளைவு கையில் சிக்காது. ‘அரசை நம்புகிறீர்களா’ என்ற ஒற்றைக் கேள்வி போதாது. நாடாளுமன்றம், பொலிஸ், கிராம உத்தியோகத்தர், தமிழ்ச் செய்தி, சிங்களச் செய்தி, தன் சொந்தத் திறன் ஆகிய ஒவ்வொன்றுக்கும் தனி மதிப்பெண் வேண்டும். காணொளியில் சொன்னதில் எது உண்மை, எது மிகை என்று பார்ப்பவரையே பிரித்துக் காட்டச் சொல்வதும் அவசியம். பல்மாஸின் கணக்கு அந்த ஒரு கேள்வியில்தான் நிற்கிறது.

முடிவை முன்கூட்டியே ஊகிப்பது ஆய்வுக்கு அழகல்ல என்றாலும், முதல் குழுவுக்கும் இரண்டாவது குழுவுக்கும் இடையிலான வித்தியாசமே பெரிதாக வரும் என்று நான் எதிர்பார்க்கிறேன். அப்படி வந்தால் தீர்வு நையாண்டியைக் குறைப்பதில் இல்லை. உள்ளூர்ச் செய்தியைத் தமிழில் கூட்டுவதில் இருக்கிறது, கூடவே உள்ளூர் நையாண்டியும். பொருளுக்குப் பஞ்சமில்லை. மத்திய மாகாண சபையின் பதவிக்காலம் 2018 ஒக்டோபரில் முடிந்தது. 2025 முடிய அதற்குத் தேர்தல் நடக்கவில்லை. உறுப்பினர் ஒருவரும் இல்லாத சபையின் பெயரால் ஆளுநர் மாகாணத்தை நடத்திவந்தார்.